சத்தி ரோட்டுப் பேய்கள்: ஒளிக்கோடு கலையாமல் ஆட்களை மட்டும் எடுப்பது எப்படி?

(எபிசோடின் எழுத்து வடிவம். படிக்க வசதியாகச் சற்றே திருத்தப்பட்டது.)

போன எபிசோடுக்கு அப்புறம் நிறைய பேர் ஒரே கேள்வியைக் கேட்டிருந்தீங்க. "ராத்திரி லாங் எக்ஸ்போஷர் எடுத்தேன், வண்டி லைட் எல்லாம் கோடு கோடா அழகா வந்திருக்கு, ஆனா ரோட்டோரம் பாதி உடம்போட பேய் மாதிரி ஆளுங்க நிக்கறாங்க. அவங்களை எடுக்கப் போனா கோடும் சேர்ந்து போயிடுது. என்ன பண்றது?" இன்னைக்கு அது மட்டும்தான். சரவணம்பட்டியில நான் எடுத்த ஒரே ஒரு படத்தை வெச்சு முழுசாச் சொல்றேன்.

முதல்ல அந்தப் பேய் எங்கிருந்து வருதுன்னு புரிஞ்சுக்கணும். நடந்து போறவங்கதான் பேயா விழறாங்கன்னு பல பேர் நினைக்கிறாங்க. அது சரியில்லை. கணக்குப் போட்டுப் பாருங்க. சாதாரணமா நடக்கிற ஒருத்தர் ஒரு செகண்டுக்கு ஒண்ணேகால் மீட்டர் போறாரு. உடம்போட அகலம் சுமார் அரை மீட்டர். அப்படின்னா பின்னாடி இருக்கிற சுவரோட ஒரு புள்ளியை அவர் மறைக்கிறது வெறும் 0.4 செகண்ட். உங்க ஷட்டர் 10 செகண்ட் திறந்திருந்தா, அந்தப் புள்ளியில 96 சதவீதம் சுவர், 4 சதவீதம் ஆள். கண்ணுக்கே தெரியாது. நடக்கும்போது ஊன்றி நிக்கிற பாதம் மட்டும் கொஞ்சம் அதிக நேரம் ஒரே இடத்துல இருக்கும். அதனாலதான் சில படங்கள்ல ஆளே இல்லாம செருப்புத் தடம் மட்டும் வரிசையா மங்கலா தெரியும். பார்க்கறதுக்குக் கொஞ்சம் திகிலாத்தான் இருக்கும்!

உண்மையான பேய் யாருன்னா, கொஞ்ச நேரம் நின்னுட்டு நகர்ந்து போறவர். பத்து செகண்டுல மூணு செகண்ட் நின்னா, 30 சதவீதம் அவர், 70 சதவீதம் பின்னாடி இருக்கிற சுவர். அதுதான் அந்தக் கண்ணாடி மாதிரியான உடம்பு. பஸ் ஸ்டாப், பேக்கரி வாசல், காளான் வண்டி, இந்த மூணு இடத்துலயும் பேய்க்குப் பஞ்சமே இருக்காது. கோயம்புத்தூர்ல இந்த மூணும் பக்கத்துப் பக்கத்துலதான் இருக்கும்.

முழு நேரமும் அசையாம இருக்கிறவர் பேயே இல்லை. அவர் தெளிவா விழுந்துடுவார். 1838-ல டாகர் பாரிஸ்ல ஜன்னல் வழியா ஒரு தெருவை எடுத்தார். புலவார் து தாம்ப்ள்னு பெயர். பரபரப்பான தெரு. ஆனா எக்ஸ்போஷர் நிமிஷக் கணக்குல இருந்ததால வண்டி, குதிரை, கூட்டம் எல்லாம் காணாமப் போச்சு. மூலையில ஷூ பாலிஷ் போட்டுக்கிட்டு ஒரே இடத்துல நின்ன ஒருத்தர் மட்டும் படத்துல விழுந்துட்டார். ஃபோட்டோவுல பதிவான முதல் மனுஷங்கள்ல ஒருத்தர்னு அவரைச் சொல்றாங்க. அவர் யாருன்னு இன்னைக்கு வரைக்கும் தெரியாது.

வண்டி லைட்டுக்கு இந்தக் கணக்கு வேற. ஹெட்லைட் ஒரு புள்ளியைக் கடக்கிறது ஒரு கண் சிமிட்டல் நேரம்தான். ஆனா அந்த வெளிச்சம் சுற்றி இருக்கிற ரோட்டை விட அவ்வளவு அதிகம், அந்தக் கொஞ்ச நேரமே போதும், பளிச்னு கோடு விழுந்துடும். இதைப் பிடிச்சு வெச்சுக்கோங்க: கோடுன்னா பின்னணி மேல கூடுதலாச் சேர்ந்த வெளிச்சம். பேய்ன்னா பின்னணியைக் கொஞ்ச நேரம் மறைச்ச ஒண்ணு. ரெண்டும் படத்துல ஒண்ணாக் கலந்திருந்தாலும் வேற வேற வழியில உள்ள வந்தது. அதனாலதான் ரெண்டையும் பிரிக்க முடியுது.

இப்போ படத்துக்கு வர்றேன். சரவணம்பட்டியில சத்தி ரோடு மேல ஒரு பேக்கரி. எங்க குரூப் முழுக்க ஆபீஸ் முடிஞ்சா அங்கதான். வாடகைக் கட்டடம், அந்த மாசக் கடைசியில காலி பண்ணணும்னு ஆயிடுச்சு. பேக்கரி அண்ணா என்கிட்ட, "தம்பி, கடையை ராத்திரில ஒரு படம் எடுத்துக் குடுங்க. புதுக் கடைச் சுவத்துல பெருசா மாட்டணும். ரோட்டுல லைட் ஓடற மாதிரி எடுப்பீங்கல்ல, அப்படி"ன்னு கேட்டார். ஆறடி அகலத்துக்குப் பிரிண்ட். ரெண்டு நாள்ல போர்டைக் கழட்டிடுவாங்க. அதனால அப்புறமா வந்து இன்னொரு தடவை எடுக்கலாங்கிற பேச்சே இல்லை.

எதிர்ப்பக்கம் ஒரு காம்ப்ளக்ஸ். அதோட முதல் மாடிப் படிக்கட்டுத் திருப்பத்துல ட்ரைபாட் போட்டேன், கட்டடத்துக்காரர்கிட்ட கேட்டுட்டுத்தான். மாடியில போட்டதுக்கு ரெண்டு காரணம். ஒண்ணு, கேமராவுக்கும் ரோட்டுக்கும் நடுவுல ஆள் வர மாட்டாங்க. கோட்டுக்கு முன்னாடி ஒருத்தர் நின்னா, அந்த நேரத்துல போற லைட்டை அவர் மறைச்சுடுவார், கோடு அந்த இடத்துல அறுந்து போகும். அதைச் சரி பண்றது பெரிய வேலை. ஆள் கோட்டுக்குப் பின்னாடி இருந்தா அந்தப் பிரச்சினை இல்லை. ரெண்டாவது, ரோட்டோரம் ட்ரைபாட் வெச்சா லாரி போகும்போதெல்லாம் லேசா அதிரும்.

கடை லைட் ரொம்ப பிரகாசம். அதனால லென்ஸ்ல ND8 ஃபில்டர் போட்டேன். வெளிச்சத்தை எட்டுல ஒரு பங்கா குறைக்கிற கண்ணாடி அது. f/11, ISO 100, 10 செகண்ட். ஃபில்டர் இல்லாம இதே செட்டிங்ல கடை போர்டு வெறும் வெள்ளையா எரிஞ்சு போயிருக்கும். ஃபோகஸ், ஒயிட் பேலன்ஸ் ரெண்டும் மேனுவல். கேமராவுல லாங் எக்ஸ்போஷர் நாய்ஸ் ரிடக்‌ஷன்னு ஒண்ணு இருக்கும், அதை ஆஃப் பண்ணிடுங்க. ஆன்ல இருந்தா 10 செகண்ட் படம் எடுத்துட்டு, இன்னொரு 10 செகண்ட் கேமரா ஷட்டரை மூடிக்கிட்டு தனக்குள்ள ஒரு கறுப்புப் படம் எடுக்கும். அந்த நேரத்துல போன வண்டியெல்லாம் உங்களுக்குக் கிடைக்காது.

நான் எடுத்தது ஒரு படம் இல்லை, ரெண்டு செட். முதல் செட், பின்னணிக்கு. நிமிஷத்துக்கு ஒரு ஃப்ரேம்னு இருபத்தஞ்சு ஃப்ரேம். முழு இருட்டு ஆன பிறகுதான் ஆரம்பிச்சேன், இல்லன்னா வானத்தோட நிறம் ஃப்ரேமுக்கு ஃப்ரேம் மாறிக்கிட்டே இருக்கும். ஏன் நிமிஷத்துக்கு ஒண்ணு? தொடர்ச்சியா எடுத்தா இருபத்தஞ்சு ஃப்ரேமும் நாலு நிமிஷத்துல முடிஞ்சுடும். காளான் தட்டை வாங்கிக்கிட்டு நிக்கிற ஒருத்தர் நாலு நிமிஷமும் அங்கேயேதான் நிப்பார். அரை மணி நேரத்துக்குப் பரப்பி எடுத்தா அவர் மூணு நாலு ஃப்ரேம்லதான் இருப்பார்.

ரெண்டாவது செட், கோட்டுக்கு. இது தலைகீழ். இடைவெளியே இல்லாம தொடர்ச்சியா எடுக்கணும். சிக்னல்ல பச்சை விழுந்ததும் ஆரம்பிச்சு, வண்டி நிக்கிற வரைக்கும். மணிக்கு 36 கிலோமீட்டர்ல போற வண்டி செகண்டுக்கு 10 மீட்டர் போகும். ரெண்டு ஃப்ரேமுக்கு நடுவுல அரை செகண்ட் விட்டாலே கோட்டுல 5 மீட்டர் ஓட்டை. சிவப்பு விழுந்து வண்டிங்க நின்னுட்டா நிறுத்திடுங்க. நிக்கிற ஹெட்லைட் ஒரு வெள்ளைக் குண்டா எரிஞ்சுடும், அது மட்டுமில்ல, வண்டியும் ஓட்டறவரும் சேர்ந்து புதுப் பேயா வந்து உட்கார்ந்துக்குவாங்க.

வீட்டுக்கு வந்து எல்லா RAW ஃபைலையும் ஒரே செட்டிங்ல 16 பிட் TIFF-ஆ எடுத்தேன். ஆட்டோ டோன் பக்கமே போகாதீங்க. ஒரு ஃப்ரேம்ல வண்டி அதிகம், ஒண்ணுல கம்மி, ஆட்டோ ஒவ்வொண்ணையும் வேற வேற வெளிச்சத்துக்குத் தூக்கிடும். அப்புறம் ரெண்டு செட்டையும் தனித்தனியா அடுக்கணும்:

```
magick bg*.tif -evaluate-sequence median base.tif
magick trail*.tif -evaluate-sequence max trails.tif
```

இது இமேஜ்மேஜிக், இலவசம். முழு சைஸ்ல இருபத்தஞ்சு ஃப்ரேமைக் கொடுத்தா சாதாரண லேப்டாப் மூச்சு வாங்கும், அதனால முதல்ல சின்ன சைஸ்ல ஓட்டிப் பாருங்க. ஃபோட்டோஷாப் வெச்சிருக்கிறவங்க File > Scripts > Statistics போய் Median, அப்புறம் Maximum தேர்ந்தெடுத்தா இதே வேலைதான்.

மீடியன் என்ன பண்ணுதுன்னா, ஒரே புள்ளிக்கு இருபத்தஞ்சு ஃப்ரேம்ல இருக்கிற இருபத்தஞ்சு மதிப்பையும் சின்னதுல இருந்து பெருசு வரை வரிசைப்படுத்தி, நடுவுல நிக்கிற பதிமூணாவதை எடுத்துக்கும். ஒரு இடத்துல சுவர் பாதிக்கு மேல ஃப்ரேம்கள்ல தெரிஞ்சிருந்தா, அந்த நடு மதிப்பு சுவராத்தான் இருக்கும். ஆள் வந்து போன ஃப்ரேமெல்லாம் ஓரத்துல ஒதுங்கிடும். சராசரி எடுத்தா இப்படி வராது, எல்லாரும் கொஞ்சம் கொஞ்சம் கலந்து மொத்தமா ஒரு புகை மூட்டம் கிடைக்கும்.

ஆனா மீடியனுக்கு ஆள் வேற, லைட் கோடு வேறன்னு தெரியாது. எப்பவாவது வந்து போற எதையும் அது தூக்கி எறிஞ்சுடும். அதனால base.tif-ல பேயும் இருக்காது, கோடும் இருக்காது, ரோடு காலியாக் கிடக்கும். நெரிசல் அதிகமான லேன்ல மட்டும் ஒரு மங்கலான ஆரஞ்சுப் பூச்சு மிஞ்சும். கவலைப்படாதீங்க, மேல கோடு வந்து உட்கார்ந்தா அது மறைஞ்சுடும். மேக்ஸ் இதுக்கு எதிர். ஒவ்வொரு புள்ளியிலயும் எந்த ஃப்ரேம்ல வெளிச்சம் அதிகமோ அதை எடுத்துக்கும். எல்லா வண்டியோட கோடும் கிடைக்கும், கூடவே வெள்ளைச் சட்டை, செல்போன் வெளிச்சம், வானத்துல இருக்கிற நாய்ஸ் எல்லாம் சேர்ந்து வரும்.

இப்போ base.tif கீழ, trails.tif மேல. மேல இருக்கிற லேயரோட மோடை Lighten ஆக்குங்க. எனக்கு இந்த மொத்த வேலையிலயும் ரொம்பப் பிடிச்ச இடம் இதுதான். Lighten ரெண்டு லேயரையும் ஒப்பிட்டு, எது வெளிச்சமோ அதை மட்டும் காட்டும். கோடு காலி ரோட்டை விட வெளிச்சம், அதனால ஜெயிச்சிடும். கடை லைட்டுக்கு முன்னாடி நின்ன ஆள் பின்னணியை விட இருட்டு, அதனால தோத்துடுவார். மேக்ஸ்க்குப் பதிலா ஒரே ஒரு ஃப்ரேமை மேல வெச்சாலும் இதேதான் நடக்கும். நீங்க எதையும் அழிக்கலை, ஆனா பாதிப் பேய் தானாவே போயிருக்கும்.

மிச்சம் இருக்கிறது வெளிச்சமான பேய். இருட்டான இடத்துக்கு முன்னாடி நின்ன வெள்ளை வேட்டி, ஹெல்மெட்ல பட்ட பளபளப்பு, அப்புறம் சிவப்புச் சட்டை. சிவப்புச் சட்டை ஏன்னா, Lighten சிவப்பு, பச்சை, நீலம்னு ஒவ்வொரு சானலையும் தனியா ஒப்பிடும். சட்டையோட சிவப்பு மட்டும் சுவத்தோட சிவப்பை விட அதிகமா இருந்தா, ஆள் போயிடுவார், சட்டை நிறம் மட்டும் சுவத்துல கறை மாதிரி நிக்கும். இதுக்கெல்லாம் லேயர் மாஸ்க்தான் வழி. நான் பண்ணினது, மாஸ்க் முழுக்க முதல்ல கறுப்பாக்கிட்டு, கோடு ஓடற ரோட்டுப் பகுதியை மட்டும் மெல்லிய ஓரமுள்ள வெள்ளைப் பிரஷ்ல திறந்தேன். வானம், மரம், கடை வாசல் எல்லாமே base.tif-ல இருந்து வரும். வானத்து நாய்ஸும் இதுலயே போயிடுது. ஒரே கவனம், கோட்டைச் சுத்தி இருக்கிற மினுமினுப்பையும், தார்ல விழுந்த பிரதிபலிப்பையும் சேர்த்துத் திறக்கணும். கோட்டோட ஓரத்தை ஒட்டி வெட்டினா, ஸ்டிக்கர் ஒட்டின மாதிரி ஆயிடும்.

கஷ்டப்படுத்தினது டவுன் பஸ். பஸ்ஸுக்கு உள்ள எரியற லைட் ஜன்னல் வழியா அகலமான ஒரு பட்டையா விழும். அது ஹெட்லைட் மாதிரி பளிச்னு இருக்காது, பாதி ஊடுருவித் தெரியும். அந்தப் பட்டை போற உயரம் சரியா பேக்கரி வாசல்ல நிக்கிறவங்க முக உயரம். பட்டைக்குள்ள மங்கலா ஒரு மூஞ்சி! பேயும் கோடும் ஒரே புள்ளியில, ஏறக்குறைய ஒரே வெளிச்சத்துல இருந்தா Lighten-ஆல பிரிக்க முடியாது. அதனால கோட்டு செட்டுல பஸ் போன ஃப்ரேமை எல்லாம் தனியாப் பார்த்தேன். பஸ் போகும்போது வாசல்ல கிட்டத்தட்ட யாருமே இல்லாத ஒரு ஃப்ரேம் இருந்தது. அந்தப் பட்டையை மட்டும் அதுல இருந்து எடுத்து, தனி லேயரா Lighten போட்டேன். நாலு பஸ் பட்டை கிடைச்சிருக்க வேண்டிய இடத்துல ஒண்ணுதான் வந்தது. ஒண்ணே போதும்.

இன்னொரு இடம், கடைக் கவுண்ட்டர். அங்க மீடியனே தோத்துடும். ஏன்னா ஒருத்தர் போனா அடுத்தவர் அதே இடத்துல வந்து நிக்கிறார். அரை மணி நேரத்துல பாதிக்கு மேல அங்க யாரோ ஒருத்தர் இருந்தா, நடு மதிப்பு சுவர் இல்லை, வேற வேற சட்டைகளோட கலவை. படத்துல பார்த்தா கவுண்ட்டர் முன்னாடி கலங்கின ஒரு பூச்சா தெரியும், அதுதான் அடையாளம். இது நடக்கும்னு தெரிஞ்சதால ஷூட் அப்பவே அண்ணாவுக்கு ஃபோன் போட்டேன். அவர் உள்ள இருந்தே, "ஏனுங், ஒரு நிமிஷம் அந்தப்பக்கம் ஒதுங்கி நில்லுங்க, ஃபோட்டோ எடுக்கறாங்க"ன்னு ஒரு குரல் விட்டார். கவுண்ட்டர் காலி. மூணு ஃப்ரேம் எடுத்தேன். அதை அந்த இடத்துக்கு மட்டும் வெச்சேன். ஃபோட்டோஷாப்ல ஒரு மணி நேரம் உட்கார்றதை விட இது எவ்வளவோ மேல்.

முதல் தடவை படத்தைக் காட்டினப்போ அண்ணா ஜூம் பண்ணி வலது ஓரத்தைப் பார்த்தார். அங்க ஸ்டூல்ல ஒரு பெரியவர், தினமும் ஏழு மணிக்கு வந்து கடை சாத்தற வரைக்கும் உட்கார்ந்திருப்பார். அரை மணி நேரமும் அங்கேயே இருந்ததால மீடியன் அவரை எடுக்கலை. உடம்பு தெளிவா இருக்கு, தலை அப்பப்போ திரும்பினதால முகம் மட்டும் கொஞ்சம் மசமசன்னு இருக்கு. நான் கேட்கறதுக்கு முன்னாடியே அண்ணா சொல்லிட்டார், "அவரை எடுத்துடாதீங்க தம்பி. பெரியப்பா இல்லாம அது நம்ம கடையே இல்லை." சரின்னு பின்னணி செட்டுல அவர் அசையாம நேராப் பார்த்த ஒரு ஃப்ரேமைத் தேடி, தலை மட்டும் அதுல இருந்து வெச்சேன். பெரியவர்கிட்டயும் காட்டி சரி கேட்டுக்கிட்டோம். பேயை எடுக்கிற அதே மாஸ்க்தான், இங்க ஆளைத் திருப்பிக் கொண்டு வர உதவுச்சு.

இது சுவத்துல மாட்டற படம், அதனால இவ்வளவும் பண்ணலாம். இதையே செய்திப் படம்னு ஒரு பத்திரிகைக்குக் கொடுக்க முடியாது. 2014-ல அசோசியேட்டட் பிரஸ், சிரியா படம் ஒண்ணோட மூலையில கிடந்த ஒரு வீடியோ கேமராவை அழிச்சதுக்காக, விருது வாங்கின ஒரு ஃபோட்டோகிராஃபரோட உறவையே முறிச்சுக்கிச்சு. ஆள் இருந்த இடத்தை ஆள் இல்லாம காட்டறது அதை விடப் பெரிய மாற்றம். நீங்க போட்டிக்கு அனுப்பறீங்கன்னா, அடுக்கின படத்தை ஏத்துக்குவாங்களான்னு விதியை முதல்ல படிங்க.

"எல்லாம் சரி ப்ரோ, என்கிட்ட இருக்கிறது ஒரே ஒரு ஃப்ரேம்"னு சொல்றவங்களுக்கு. முழுசா வராது, ஆனா ஓரளவு வரும். படத்தை ரெண்டு லேயராக்குங்க. மேல இருக்கிற லேயர்ல Layer Style-க்குள்ள Blend If இருக்கும். அதுல This Layer-ஓட கறுப்பு முக்கோணத்தை வலதுபக்கம் தள்ளுங்க, கோடு மட்டும் மிஞ்சற வரைக்கும். Alt அழுத்திக்கிட்டு இழுத்தா முக்கோணம் ரெண்டாப் பிரியும், கோட்டோட ஓரம் மெதுவாக் கரையும். இப்போ கீழ் லேயர்ல பேய் மேல தாராளமா குளோன் பண்ணுங்க. கை தவறிக் கோட்டு மேல போனாலும் பரவாயில்லை, கோடு மேல் லேயர்ல பத்திரமா இருக்கு.

இதுல பல பேர் மாட்டற இடம் பின்பக்க லைட்டோட சிவப்புக் கோடு. Blend If முதல்ல Gray-ல இருக்கும். அந்தக் கணக்குல சிவப்புக்கு மதிப்பு கம்மி, அதனால வெள்ளைக் கோடு நிக்கும், சிவப்புக் கோடு காணாமப் போயிடும். மேல இருக்கிற பட்டியல்ல Red-க்கு மாத்திட்டு இழுங்க. சில நேரம் மஞ்சள் லைட்ல நின்னவங்க முகமும் கூடவே வந்துடும், ஏன்னா அங்கயும் சிவப்பு அதிகம். அதுக்கு ஒரு மாஸ்க் போட்டுக்கோங்க. குளோன் பண்ண பக்கத்துலயே சுத்தமான சுவர் இருந்தாத்தான் இந்த வழி சரிப்படும். பேய் நின்ன இடத்துல கடை போர்டு எழுத்து இருந்தா, அதைக் கையால வரைஞ்சாத்தான் உண்டு. அதுக்கு நான் பொறுப்பில்லை.

பிரிண்டுக்கு அனுப்பறதுக்கு முன்னாடி ரெண்டு சோதனை. எல்லாத்துக்கும் மேல ஒரு Curves லேயர் போட்டு, இருட்டுப் பகுதியை நல்லாத் தூக்கிப் பாருங்க. ஸ்கிரீன்ல கண்ணுக்குத் தப்பின பேயெல்லாம் அப்போ எழுந்து நிக்கும். என்னோட படத்துல ஒரு ஜோடிச் செருப்பு மட்டும் காளான் வண்டிக்குக் கீழ மாட்டுச்சு. பார்த்து முடிச்சதும் அந்த Curves லேயரை மறக்காம அழிச்சிடுங்க. ரெண்டாவது, முதல் ஃப்ரேமையும் கடைசி ஃப்ரேமையும் ஒண்ணு மேல ஒண்ணு வெச்சு Difference போடுங்க. ட்ரைபாட் அசையலைன்னா கட்டடம் முழுக்கக் கறுப்பா இருக்கும். போர்டு எழுத்தைச் சுத்தி மெல்லிசா வெள்ளைக் கோடு தெரிஞ்சா, நடுவுல எங்கயோ கேமரா நகர்ந்திருக்கு. அப்போ நகர்றதுக்கு முன்னாடி எடுத்த ஃப்ரேம்களை மட்டும் வெச்சு மீடியனைத் திரும்ப ஓட்டணும். இதை வீட்டுக்கு வந்து பார்க்கறதை விட, ட்ரைபாடை மடக்கறதுக்கு முன்னாடியே கேமரா ஸ்கிரீன்ல முதல் படம், கடைசிப் படம் ரெண்டையும் ஒரே இடத்துல ஜூம் பண்ணி மாத்தி மாத்திப் பார்த்துடுங்க. ஒரு நிமிஷ வேலைதான்.